தனித்தனி அரட்டைகளில் ஆங்கிலம் பேசிப் பழகும்போது முன்னேற்றத்தைத் தொடர்ந்து கொண்டுசெல்வது எப்படி?

நொய்யல்கரை

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். எங்களிடம் சரக்கு வாங்கும் பையருக்கு மின்னஞ்சல் எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை, ஏனென்றால் எழுதியதைத் திருத்த நேரம் இருக்கிறது. தொலைபேசியில் பேசும்போதுதான் சொல் வராமல் நின்றுவிடுகிறேன். சாய நிறத்துக்கான மாதிரித் துணியான லேப் டிப் ஏன் தாமதமானது, துணியைச் சுருக்கி இறுக்கும் காம்பேக்டிங்கில் அதன் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம் ஏன் மாறியது என்று விளக்குவதற்குள் அந்தப் பக்கத்தில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

ஐந்து வாரமாக, வேலை முடிந்து வந்த பிறகு நாள்தோறும் 25 நிமிடம் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் குரல்வழியாகப் பேசிப் பழகுகிறேன். முதல் இரண்டு வாரம் ஒரே அரட்டையிலேயே தொடர்ந்தேன். தொடக்கத்தில், ஒவ்வொரு தவற்றையும் அப்போதே திருத்த வேண்டும் என்று கேட்டிருந்தேன், நன்றாகத் திருத்தியது. அரட்டை நீண்டுகொண்டே போனபோது திருத்துவது மெல்ல நின்று, வெறும் பாராட்டு மட்டும் மிஞ்சியது. ஆகவே மூன்றாம் வாரத்திலிருந்து நாளுக்கொரு புதிய அரட்டையைத் தொடங்கினேன். இப்போது திருத்தம் ஒழுங்காக நடக்கிறது, ஆனால் நேற்று நான் செய்த தவறு இன்றைய அரட்டைக்குத் தெரிவதில்லை.

கடந்த வாரம் நான் அதிகமாகச் செய்த தவறுகள் எவை என்று ஒரு புதிய அரட்டையில் கேட்டுப் பார்த்தேன். தயங்காமல் ஐந்து தவறுகளைப் பட்டியலிட்டது. என் கையேட்டில் குறித்திருந்தவற்றோடு ஒப்பிட்டால் இரண்டுதான் என்னுடையவை. மற்ற மூன்றும் நான் செய்யவே செய்யாதவை. அன்றிலிருந்து எதை நம்புவது என்ற குழப்பம் வந்துவிட்டது. இப்படித் தனித்தனி அரட்டைகளில் பழகுபவர்கள் தங்கள் முன்னேற்றத்தை எப்படித் தொடர்ந்து வைத்திருக்கிறீர்கள்?

சென்னிமலை அம்மணி

தம்பி, என் மகனும் உங்களைப் போலத்தான் இருந்தான். ஈரோட்டில் மாலை நேர வகுப்பு ஒன்றில் மூன்று மாதம் சேர்த்துவிட்டோம். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டினோம். இப்போது நன்றாகப் பேசுகிறான். திருப்பூரிலும் அப்படிப்பட்ட வகுப்புகள் நிறைய இருக்கும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள், இரவில் வீடு திரும்ப வசதியாக இருக்கும்.

நொய்யல்கரை

நன்றிங்க அக்கா. நான் கேட்டது வகுப்பைப் பற்றி அல்ல. கோடைக் காலத்தில் பையர் இருக்கும் இங்கிலாந்துக்கும் நமக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம்; அவர்களுடைய பிற்பகல் நமக்கு இரவு என்பதால் நான் வீடு திரும்பும் நேரம் ஒரு நாளைப் போல் இன்னொரு நாள் இருப்பதில்லை. அதனால்தான் வகுப்பில் சேர முடியவில்லை.

சூலூர் வடக்கு

நான் கோவையில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். உங்களுக்கு நடந்தது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

ஒரு அரட்டை ஒரு நேரத்தில் கையாளக்கூடிய உரைக்கு அளவு உண்டு. அந்த அளவை நெருங்கும்போது சில செயலிகள் பழைய பகுதியை விட்டுவிடும், சில அதைச் சுருக்கி வைத்துக்கொள்ளும். எப்படியானாலும், முதல் நாளில் நீங்கள் சொன்ன "ஒவ்வொரு தவற்றையும் திருத்து" என்ற வேண்டுகோள் இரண்டு வாரப் பேச்சுக்கு அடியில் புதைந்து வலுவிழந்துவிடும். புதிய அரட்டை என்பது வேறு: அது வெற்றுத் தாள். முந்தைய பேச்சு எதுவும் அதன் முன் இல்லாதபோதும் நீங்கள் கேட்டால், இப்படிப்பட்ட ஒருவர் பொதுவாக என்ன தவறு செய்வார் என்று ஊகித்து எழுதிவிடும். உங்களுக்கு வந்த ஐந்தில் இரண்டு பொருந்தியது, தமிழ் பேசுகிறவர்களில் பலரும் செய்கிற தவறுகள் அவை என்பதால்தான் இருக்கும்.

தீர்வு எளிது. செயலியில் நினைவக வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். அதோடு, ஒவ்வொரு நாள் முடிவிலும் இன்றைய முன்னேற்றத்தைச் சுருக்கித் தரச் சொல்லுங்கள். மறுநாள் அந்தச் சுருக்கத்தை முதல் செய்தியாக ஒட்டிப் பேச்சைத் தொடங்கி, முடிவில் அதையே புதுப்பிக்கச் சொல்லுங்கள். சங்கிலி அறாமல் போகும். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீங்கள் பேசியது திரையில் சரியாக எழுத்தாகிறது என்றால் உங்கள் உச்சரிப்பு சரியாக இருக்கிறது என்றுதான் பொருள்.

கோபி செவிலி

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் கோபியைச் சேர்ந்த செவிலியர். வெளிநாட்டு வேலைக்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குத் தயாராகிறேன். அதன் பேச்சுப் பகுதியில் நோயாளியோடு உரையாடுவது போன்ற இரண்டு நடிப்புச் சூழல்கள் வரும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து நிமிடம். ஆகவே நானும் இப்படித்தான் பழகுகிறேன்.

நினைவக வசதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில நாள்களில் செயலியைச் செவிலியராக வைத்து நான் நோயாளியாகப் பேசுவேன். கேள்வியை எப்படிக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக. ஒரு நாள் அமைப்புகளுக்குள் போய் அந்த நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். எனக்கு நீரிழிவு நோய் இருப்பதாகவும், ஊசி போட்டுக்கொள்ள நான் பயப்படுவதாகவும் குறித்து வைத்திருந்தது. நடிப்பில் சொன்னதை என்னைப் பற்றிய உண்மையாகவே எடுத்துக்கொண்டது. என் ஆங்கிலத்தைப் பற்றி அதில் இருந்தது ஒரே ஒரு வரிதான்: தேர்வுக்குத் தயாராகிறார் என்பது. என் தவறுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. அவற்றை அழித்துவிட்டு வசதியையும் நிறுத்திவிட்டேன்.

நொய்யல்கரை

சூலூர் அண்ணா சொன்னபடி ஆறு நாள் செய்துபார்த்தேன். என்ன நடந்தது என்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் அழைப்பைப் பழகும்போது, வெள்ளிக்கிழமைக்குள் சரக்கை அனுப்பிவிடுவோம் என்று சொல்ல நினைத்து, "வீ வில் ஷிப் அன்டில் ஃப்ரைடே" என்றேன். அன்றைய சுருக்கத்தில் அந்த வாக்கியமும், "அன்டில்" அல்ல "பை" என்று சொல்ல வேண்டும் என்ற திருத்தமும் இருந்தன. மூன்றாம் நாள் புதுப்பித்த சுருக்கத்தில் அது "காலத்தைக் குறிக்கும் முன்னிடைச்சொற்களில் குழப்பம்" என்று மாறியிருந்தது. ஆறாம் நாள் இருந்தது இவ்வளவுதான்: "இலக்கணம் நன்றாக முன்னேறி வருகிறது, முன்னிடைச்சொற்களில் சிறிது கவனம் தேவை."

அதே ஆறாம் நாள் உண்மையான அழைப்பில் பையரிடம் அதே "அன்டில்" வந்துவிட்டது. வெள்ளியோடு அனுப்புவதை நிறுத்தப்போகிறோம் என்று புரிந்துகொண்டு, மீதிச் சரக்குக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்டார். மேலாளர் குறுக்கிட்டுச் சரிசெய்தார். சுருக்கம் முன்னேறியிருக்கிறது, நான் முன்னேறவில்லை.

சிறுவாணி

நான் கோவையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நடத்துகிறேன். கடைசி இரண்டு வருடமாக என் மாணவர்கள் பலரும் இதே முறையில் பழகுவதால், அவர்களுடைய குறிப்புகளைப் பார்த்துவருகிறேன். தம்பி எழுதியிருக்கும் ஆறாம் நாள் சுருக்கத்தைப் போல ஐம்பதாவது பார்த்திருப்பேன்.

சுருக்கத்தைச் சுருக்கினால் முதலில் உதிர்வது எடுத்துக்காட்டு, கடைசி வரை நிற்பது தீர்ப்பு. ஆனால் பேசுகிறவருக்குத் தீர்ப்பால் ஒரு பயனும் இல்லை. "முன்னிடைச்சொற்களில் கவனம்" என்ற வரியைப் படித்துவிட்டு யாரும் வாயைத் திறக்கும்போது எதையும் மாற்றிக்கொள்ள முடியாது. "அன்டில் ஃப்ரைடே என்று சொன்னேன்" என்ற வரியைப் பார்த்தால் அந்த இடத்தில் நாக்கு நின்று யோசிக்கும். தமிழில் "வெள்ளி வரை" என்பதும் "வெள்ளிக்குள்" என்பதும் நமக்கு ஒருபோதும் குழம்பாது. ஆங்கிலத்தில் அவை இரண்டுக்கும் எந்தச் சொல் என்ற இணைப்பு மட்டும்தான் தம்பிக்கு இன்னும் உறுதிப்படவில்லை. அதற்கு இலக்கணப் பாடம் தேவையில்லை, அந்த ஒரு வாக்கியமே போதும்.

ஆகவே குறிப்பைச் செயலியின் கையில் விடாதீர்கள். உங்கள் கைப்பேசியிலோ கையேட்டிலோ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாய்விட்டுச் சொன்ன வாக்கியம் மாறாமல் இருக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் சரியான வடிவம், தேதி, மூன்று வெற்றுக் கட்டங்கள். இவ்வளவுதான். என் மாணவர்கள் அரட்டையில் ஒட்டும் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
MY ERRORS (exact words -> correct)
03/06 "We will ship until Friday" -> by Friday [ ][ ][ ]
05/06 "Why you are changing the shade?" -> Why are you [x][ ][ ]
09/06 "We can able to give" -> We can give [x][x][ ]
Make me need these. Do not tell me when.
```

கட்டத்தில் குறியிட ஒரு விதி இருக்கிறது. நினைவூட்டல் எதுவும் இல்லாமல், பேச்சின் போக்கில் அந்தச் சொல் தேவைப்பட்டு, நீங்களாகச் சரியாகச் சொன்னால்தான் ஒரு குறி. ஒரே நாளில் பத்து முறை சரியாகச் சொன்னாலும் ஒரு குறிதான். மூன்று குறிகளும் மூன்று வெவ்வேறு நாள்களில் விழ வேண்டும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒரு வாரமாவது இருந்தால் நல்லது. மூன்றும் விழுந்த வரியை அரட்டையில் ஒட்டும் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆனால் கையேட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து அது திரும்ப வருவது உண்டு. ஒட்டும் குறிப்பில் ஒரே நேரத்தில் எட்டு வரிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் 25 நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதைப் பலரும் தவறவிடுகிறார்கள். குறிப்பை ஒட்டிவிட்டுப் பேசத் தொடங்கினால், அதை ஒட்டும்போதே நீங்களும் ஒருமுறை படித்துவிடுகிறீர்கள். பிறகு சரியாகச் சொல்வது உங்கள் கண்ணின் வேலை, உங்கள் பழக்கத்தின் வேலை அல்ல. ஆகவே முதல் ஐந்து நிமிடம் குறிப்பு எதுவும் இல்லாமல் வெறும் அரட்டையாகப் பேசுங்கள், அதைக் கைப்பேசியில் பதிவும் செய்துகொள்ளுங்கள். குறியிடுவது அந்த ஐந்து நிமிடத்தை வைத்து மட்டுமே. குறிப்பை ஒட்டிய பிறகு நடப்பது பயிற்சி, அது தேர்வு ஆகாது.

சிறுவாணி

உச்சரிப்பைப் பற்றிச் சூலூர் வடக்கு சொன்னதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், காதில் விழுந்த ஒலியை மட்டும் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்தே பார்க்கிறது. தம்பியின் தொழிலிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. கையில்லாத பனியனுக்கு ஆங்கிலத்தில் "வெஸ்ட்". மேற்குத் திசைக்கும் "வெஸ்ட்". தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், நம்மில் பலருடைய வாயிலும் ஒன்றுதான். பனியனுக்கான சொல்லில் மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். திசைக்கான சொல்லில் பல் எங்கும் படாமல் உதடுகள் குவிய வேண்டும். நம்முடைய வகரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் "ஐயாயிரம் பீஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்து எந்த "வெஸ்ட்" சொன்னாலும் திரையில் பனியனுக்கான எழுத்துகள்தான் விழும். உங்கள் வாய் சரியாக இருந்ததற்கு அது சான்று ஆகாது. சில செயலிகள் எழுத்தாக்காமல் ஒலியை நேரடியாகவே வாங்கிக்கொள்கின்றன, அவையும் பெரும்பாலும் பொருளைப் புரிந்துகொண்டு மேலே போய்விடும். தனியாகக் கேட்காத வரை ஒலியைப் பற்றி எதுவும் சொல்லாது.

சோதிக்க விரும்பினால் பேச்சுச் சூழலை நீக்கிவிட வேண்டும். இப்படிப்பட்ட ஐந்து சோடிச் சொற்களை எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை வருமாறு கலைத்து, இருபது சொற்களாக முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தனித்தனியாகச் சொல்லி, கைப்பேசியின் குரல் தட்டச்சு என்ன எழுதுகிறது என்று பாருங்கள்.

சூலூர் வடக்கு

ஒப்புக்கொள்கிறேன், உச்சரிப்பைப் பற்றி நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆனால் சுருக்கத்தைப் பற்றி முழுவதுமாக உடன்பட முடியவில்லை. எடுத்துக்காட்டு வாக்கியங்களை மாற்றாமல் அப்படியே வைத்திரு என்று தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் வைத்திருக்கும். நாள்தோறும் கையால் எழுதுவது எத்தனை பேருக்கு நடக்கும்? மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுவார்கள். குறைபாடு இருந்தாலும் தொடர்ந்து நடக்கிற முறைதான் மேல் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் எல்லோரும் கவனியுங்கள். பயிற்சிக் குறிப்பில் பையரின் பெயர், ஆர்டர் எண், பீஸ் விலை எதையும் எழுதாதீர்கள். பல நிறுவனங்களில் அது வேலைக்கே கேடாக முடியும். "ஒரு பையர்", "ஒரு ஸ்டைல்" என்று எழுதினாலே பயிற்சி நடக்கும்.

பவானி ஆசிரியர்

நான் பணி ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பாடம் எடுத்தேன். கையேடு வைத்துக்கொள்ளச் சொன்னது மிகச் சரி. என் மாணவர்களிடமும் திருத்த ஏடு என்று தனியாக ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் வாக்கியம் வாக்கியமாகத் திருத்திக்கொண்டிருந்தால் எப்போது முடியும்? விதியைப் படித்துவிட்டால் ஆயிரம் வாக்கியங்கள் ஒரே நேரத்தில் சரியாகும். தம்பி, ஒரு நல்ல இலக்கண நூலை எடுத்து முன்னிடைச்சொற்கள் பாடத்தை முழுவதுமாக முடியுங்கள், பயிற்சிகளை எழுதிப் பாருங்கள். அதன் பிறகு ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை நாள்தோறும் காலையில் வாய்விட்டுப் படியுங்கள். நாவு தானே பழகும்.

கோபி செவிலி

ஐயா, நீங்கள் சொல்லும் விதிகள் எனக்கு எழுத்தில் முழுவதும் தெரியும். தேர்வில் எழுதச் சொன்னால் ஒரு தவறும் வராது. நோயாளியிடம் "ஏன் மாத்திரையை நிறுத்தினீர்கள்" என்று கேட்கும்போது மட்டும் "ஒய் யூ ஸ்டாப்டு" என்று வந்துவிடுகிறது. கேள்வியில் "டிட்" வர வேண்டும் என்பது சொல்லி முடித்த அடுத்த நொடியே நினைவுக்கு வருகிறது. எனக்கு விதி தெரியாதது சிக்கல் இல்லை, அது வாய்க்கு வந்து சேர ஆகும் நேரம்தான் சிக்கல்.

பவானி ஆசிரியர்

அது நியாயமான பேச்சு, அம்மா. எழுதும் கைக்கு இருக்கிற நேரம் பேசும் வாய்க்கு இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும் விதி தெரியாதவர் தம் தவற்றைத் தாமே கண்டுபிடிக்க முடியாது என்பதில் நான் மாறவில்லை.

நொய்யல்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சிறுவாணி மேடம் சொன்ன முறையில்தான் செய்தேன். இடையில் இரண்டு நாள் ஷிப்மெண்ட் நெருக்கடியால் விட்டுப்போனது.

கையேட்டில் மொத்தம் 23 வரிகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஏழுக்கு மூன்று குறிகளும் விழுந்துவிட்டன. "அன்டில்" அவற்றில் ஒன்று. அதற்கு முதல் குறி விழவே ஒன்பது நாள் ஆனது. குறிப்பை ஒட்டிய பிறகு ஒவ்வொரு நாளும் சரியாகச் சொன்னேன்; குறிப்பு இல்லாத முதல் ஐந்து நிமிடத்தில் எட்டு நாளும் தவறாகத்தான் சொன்னேன். அந்த ஐந்து நிமிடத்தைப் பதிவு செய்யாமல் இருந்திருந்தால் முதல் நாளே சரியாகிவிட்டது என்று நம்பியிருப்பேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சாயத்தில் ஷேட் மாறிப்போனதால் ஒரு வாரம் தாமதம் என்று பையருக்கு விளக்கும் இரண்டு நிமிடப் பேச்சை முதல் நாள் பதிவு செய்திருந்தேன். அதே பேச்சை நேற்று, பழையதைக் கேட்காமல், மறுபடி பதிவு செய்தேன். இரண்டையும் கேட்டு எண்ணினேன். இரண்டு நொடிக்கு மேல் நின்றுபோன இடங்கள் முன்பு ஒன்பது, இப்போது நான்கு. ஆனால் தவறுகள் முன்பு ஆறு, இப்போது ஏழு. இதைக் கண்டு மனம் சோர்ந்துபோனது.

வகரச் சோதனையில் முதல் முறை இருபதுக்கு 11, நேற்று 13. இது முன்னேற்றம் தானே?

சிறுவாணி

தவறுகள் ஆறிலிருந்து ஏழானதைத் தனியாகப் பார்க்காதீர்கள். இரண்டு பதிவிலும் எத்தனை வாக்கியங்கள் சொன்னீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நின்ற இடங்கள் பாதியாகக் குறைந்திருந்தால் அதே இரண்டு நிமிடத்தில் நிறையப் பேசியிருப்பீர்கள். நிறையப் பேசினால் தவறு செய்யும் இடங்களும் கூடும்.

பதின்மூன்றைப் பற்றி உங்கள் மனம் நோகாமல் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை: அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இருபது சொல்லும் சோடியில் ஒன்றுதான் என்பதால், காசைச் சுண்டிவிட்டு எழுதினாலும் சராசரியாகப் பத்து சரியாக வரும். 13 அல்லது அதற்கு மேல் வருவது அப்படிச் சுண்டினாலே ஏழெட்டு முறைக்கு ஒரு முறை நடக்கும். 15 அல்லது அதற்கு மேல் என்றால் ஐம்பது முறைக்கு ஒரு முறைதான். அதுவும் இரண்டு வெவ்வேறு நாளில் வந்தால் நான் நம்புவேன். நான் சொன்ன சோதனையிலேயே ஒரு குறையும் இருக்கிறது, அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். குரல் தட்டச்சு, அதிகம் புழங்கும் சொல்லின் பக்கம் சாயும். பனியனை விட மேற்குத் திசை பொதுப் பேச்சில் அதிகம் வருவதால், நீங்கள் சரியாகச் சொன்னாலும் திசையைத்தான் எழுதக்கூடும். இணைய அகராதியில் அந்தச் சொல்லின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அதையாவது உங்கள் கைப்பேசி சரியாக எழுதுகிறதா என்று முதலில் பாருங்கள். அதையே தவறாக எழுதினால் அந்தச் சோடியை விட்டுவிடுங்கள்.

நொய்யல்கரை

வாக்கியங்களை எண்ணினேன். முதல் பதிவில் 11, நேற்றையதில் 19. அப்படியானால் முன்பு பாதிக்கு மேற்பட்ட வாக்கியங்களில் தவறு இருந்தது, இப்போது மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல். அகராதி ஒலியை வைத்துப் பார்த்ததில், ஐந்து சோடிகளில் இரண்டை என் கைப்பேசி தவறாகவே எழுதுகிறது. ஆகவே பழைய எண்கள் இரண்டையும் கையேட்டில் அடித்துவிட்டேன்.

இன்னும் ஒன்று எனக்குத் தீரவில்லை. அரட்டையில் மூன்று குறி விழுந்த ஏழு வரிகளில் இரண்டு, இந்த வாரம் உண்மையான அழைப்பில் மறுபடி தவறாக வந்தன. அரட்டை நான் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிறது. பையர் காத்திருப்பதில்லை, பாதி வாக்கியத்தில் குறுக்கிடுகிறார், பின்னால் இன்னொருவர் பேசுகிறார், லைன் விட்டுவிட்டுக் கேட்கிறது.

சூலூர் வடக்கு

குறுக்கிட்டுப் பேசு, அவசரப்படுத்து என்று முதலிலேயே கேட்டுப் பாருங்கள். ஓரளவு செய்யும்.

கோபி செவிலி

நான் கேட்டுப் பார்த்தேன். இரண்டு மூன்று முறை குறுக்கிட்டது, பிறகு பழையபடி பொறுமையாகிவிட்டது. என் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் பேசும்போது தமிழில் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கச் சொன்னேன். மருத்துவமனை வார்டில் இருப்பது போலவே இருந்தது. அப்போது வந்த தவறுகளைக் கையேட்டில் வேறு நிற மையில் எழுதுகிறேன்.

சிறுவாணி

அது நல்ல ஏற்பாடு. தம்பிக்கு நான் சொல்லக்கூடியது, நான்காவது கட்டம் ஒன்றைச் சேர்த்து, அதை உண்மையான அழைப்புக்கு மட்டும் ஒதுக்குவது. அரட்டையில் பெற்ற பழக்கம் அழைப்புக்கு எவ்வளவு கடந்து வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுவதைத்தான் என் மாணவர்களிடம் பார்க்கிறேன். அதற்கு ஒரு பொது விதியை என்னால் சொல்ல முடியவில்லை.

பவானி ஆசிரியர்

தம்பி, வகரச் சோதனைக்குக் கைப்பேசியை நம்ப முடியவில்லை என்றால் மனிதக் காது ஒன்று வேண்டும். என் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழையுங்கள். நீங்கள் இருபது சொற்களையும் உங்கள் தாளில் உள்ள வரிசையில் சொல்லுங்கள், நான் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். முடிந்த பிறகு ஒப்பிடலாம். என்னிடம் அந்தத் தாளை முன்கூட்டியே அனுப்ப வேண்டாம்.

நொய்யல்கரை

அழைக்கிறேங்க ஐயா. தனிச்செய்தியில் எண் அனுப்புங்கள். தொலைபேசி வழியாகக் கேட்கும்போது ஒலி தேய்ந்து போகுமா என்று ஒரு சந்தேகம் இருப்பதால், அதே இருபது சொற்களைப் பதிவு செய்தும் உங்களுக்கு அனுப்புகிறேன். இரண்டையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். ஞாயிறு மாலை எண்களை இங்கே எழுதுகிறேன்.